ஹால் ஃப்ரீ, ப்ளேட் 450: பாளையங்கோட்டையில் ஒரு பிறந்தநாள் விருந்தின் கணக்கு

பிள்ளையின் பிறந்தநாளை உணவகத்தில் வைக்க நினைக்கும் அப்பா அம்மா கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்விக்கு யாரும் பொய்யாகப் பதில் சொல்வதில்லை. ஆனால் கேட்கிறவர் மனதில் இருக்கும் "எல்லாம்" வேறு, சொல்கிறவர் மனதில் இருக்கும் "எல்லாம்" வேறு. பில் வரும்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

இங்கே எடுத்துக்கொண்டது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பாளையங்கோட்டையில் நடந்த விருந்து. பெருமாள்புரத்துக் குடும்பம், ஐந்து வயது முடியும் பெண் குழந்தை, புறவழிச்சாலைப் பக்கம் சைவமும் அசைவமும் உள்ள ஏசி உணவகம். பெயர்கள் தேவையில்லை. கேக் விலை போக, நாற்பது ப்ளேட்டுக்கும் அலங்காரத்துக்குமாகக் குடும்பம் மனதில் வைத்திருந்த தொகை 23,000 ரூபாய். கையை விட்டுப் போகவேண்டியதாக வந்து நின்றது 34,257 ரூபாய் 50 காசு. நடுவில் இருக்கும் 11,257 ரூபாய் 50 காசு எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால், அதில் ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு ரூபாயும் முதல் நாள் வாட்ஸ்அப்பில் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்குச் சேரவேண்டியது.

முதல் மூன்று வரி

தகப்பனார் அனுப்பியது: "அண்ணாச்சி, வார ஞாயித்துக்கிழம பாப்பாவுக்குப் பொறந்தநாளு. சாயங்காலம் ஒரு நாப்பது பேரு வருவாங்க. கேக், டெக்கரேஷன் எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?"

மேலாளர் பதில்: "பண்ணிரலாம் சார். ஹால் ஃப்ரீ. ப்ளேட் 450. டெக்கரேஷன் 5,000ல இருந்து இருக்கு. கேக் நீங்க கொண்டாந்தாலும் சரிதான்."

"சரி அண்ணாச்சி, அஞ்சு மணிக்கு வச்சிருவோம்" என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் போட்டார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இந்த மூன்று வரியில் நான்கு இடங்களில் ஓட்டை இருக்கிறது. "ஹால் ஃப்ரீ" என்பதற்கு அந்த உணவகத்தில் பொருள், குறைந்தது 40 ப்ளேட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கு வாடகை இல்லை என்பது. குடும்பம் அதை மாலை முழுவதும் என்று எடுத்துக்கொண்டது. "5,000ல இருந்து" என்பதில் உள்ள "இருந்து" கண்ணில் படவில்லை, 5,000 மட்டும் பட்டது. "கொண்டாந்தாலும் சரிதான்" என்றால் அனுமதி உண்டு என்று பொருள், கட்டணம் இல்லை என்று பொருளில்லை. "அஞ்சு மணி" என்பது உணவகத்துக்கு இரண்டு மணி நேரக் கணக்கு தொடங்கும் நேரம், குடும்பத்துக்கு உறவினர் வரத் தொடங்கும் நேரம்.

நான்கிலும் பெரிய சேதம் செய்தது கடைசிதான். நேரம் ஒன்று சரிந்ததும் கேக்கும் அலங்காரமும் பணமும் அதன் பின்னாலேயே சரிந்தன.

ஐந்து மணி என்றால் எந்த ஐந்து மணி

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. நெல்லைச் சீமையில் வீட்டில் ஓர் ஆச்சி இருந்தால் அந்த நேரத்தில் கேக்கில் கத்தி படாது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் உணவகத்துக்கு நேரம் சொன்னவர் தகப்பனார், ராகுகாலத்தை நினைவில் வைத்திருந்தவர் ஆச்சி. ஹாலுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் சந்தித்தன. இரண்டு மணி நேர ஹாலில் முதல் ஒரு மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

ஞாயிறு மாலை விருந்துக்கு 6 முதல் 8.30 என்று கேட்பதுதான் சரி. சனிக்கிழமை மாலைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அன்று ராகுகாலம் காலை 9 முதல் 10.30. செவ்வாய்க்கிழமை 3 முதல் 4.30 என்பதால் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு 5 மணி பொருந்தும். மேலப்பாளையத்துக் குடும்பங்கள் மஃரிப் தொழுகை முடிந்து ஏழு மணிக்கு மேல் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் அவர்கள் விருந்தில் இந்தத் தடுமாற்றம் குறைவு. நேரம் கேட்கும் மேலாளர் "எத்தன மணிக்கு வாரீங்க?" என்று கேட்பதைவிட "கேக் எத்தன மணிக்கு வெட்டணும்?" என்று கேட்டால் போதும். குடும்பம் அந்த இடத்திலேயே வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லிவிடும். மற்ற நேரமெல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளலாம்.

இந்த விருந்தை அப்படி எண்ணிப் பார்ப்போம். 6.15க்குக் கேக் வெட்டவேண்டுமானால் 5.45க்கு அலங்காரம் முடிந்து தரை கூட்டியிருக்கவேண்டும். அரை வளைவு பலூன் தோரணத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது பலூன் போகும். மின்சார ஊதுபம்பு வைத்து இரண்டு ஆள் செய்தால் ஒன்றரை மணி நேரம். பின்திரை நிறுத்த, பெயர்ப்பலகை மாட்ட இன்னும் அரை மணி. ஆகவே அலங்காரக்காரர் கையில் ஹால் 3.45க்கு இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் 3.45க்கு ஹால் காலியாவது அரிது. தேவாலய ஆராதனை முடித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள், மதியக் கூட்டம் நான்கு மணி வரை இழுக்கும். அன்றும் ஹாலில் வேறொரு குடும்பத்தின் மதிய விருந்து இருந்தது. அலங்காரக்காரர் மூட்டையோடு படிக்கட்டில் காத்திருந்து 4.30க்குத்தான் உள்ளே நுழைந்தார். வேலை முடிய 6.20. அதற்குள் வந்த உறவினர் பாதிப் பலூனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

கேக் வெட்டியது 6.50. சாப்பாடு ஏழு மணிக்குத் தொடங்கியது. ஹால் கணக்கு ஏழு மணியோடு முடிந்திருந்ததால் எட்டு மணி வரை ஒரு மணி நேரம் கூடுதல் என்று 2,000 ரூபாய் பில்லில் ஏறியது. ஹால் தாமதமாகக் கிடைத்தது உணவகத்தின் பக்கத்துக் குறை, ராகுகாலத்தைச் சொல்லாதது குடும்பத்தின் பக்கத்துக் குறை. முதல் குறை இல்லாதிருந்தால் 6.15க்குக் கேக் வெட்டி ஏழரைக்குள் எழுந்திருக்கலாம். எனவே இந்த 2,000ஐ முழுதாக வாங்கியது தகாது என்பதே எங்கள் கருத்து. அலங்காரத்துக்கு ஹால் எப்போது கையில் வரும் என்பதை எழுதி வாங்காததால், அன்று அதைச் சொல்ல குடும்பத்திடம் எழுத்தில் எதுவும் இல்லை.

மொட்டைமாடி உணவகங்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் பலூன் தோரணம் நிற்காது, மெழுகுவர்த்தியும் எரியாது. அந்த இரண்டு மாதம் மாடியில் விருந்து வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கீழ்த்தள ஹாலைக் காட்டுவதே நல்லது.

கேக்: எடை, முட்டை, ப்ரிட்ஜ்

டவுனில் ஒரு பேக்கரியில் இரண்டு கிலோ ஃப்ரெஷ் கிரீம் கேக், மேலே பாப்பாவின் புகைப்படத் தாள் ஒட்டியது. பேக்கரி ஆள் ஐந்து மணிக்கே பைக்கில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குடும்பம் ஐந்து மணி என்றுதானே சொல்லியிருந்தது.

உணவகத்தில் அதை வைக்க இடமில்லை. இரண்டு கிலோ வட்டக் கேக் ஏறக்குறைய பத்து அங்குல விட்டம் இருக்கும், அடியட்டையோடு பன்னிரண்டு, மேலே குத்திய பொம்மையோடு பெட்டி உயரமும் பத்து அங்குலத்தைத் தொடும். குளிர்பானப் பெட்டியின் தட்டு இடைவெளி எட்டு அங்குலம்தான். சமையற்கட்டில் பெரிய ப்ரிட்ஜ் இருந்தது, அதில் மசாலா தடவிய கோழிக்கறி இருந்தது. அந்த ப்ரிட்ஜில் கேக்கை வைக்க மறுத்த சமையல்காரர் செய்தது முழுக்க சரி. வாடை ஏறும் என்பது சின்ன விஷயம், பச்சைக் கறியின் நீர் பட்டால் பிள்ளைகளுக்கு வயிறு கெடும். ஆக, கேக் ஹாலிலேயே மேசை மேல் இருந்தது, ஒரு மணி ஐம்பது நிமிடம்.

ஃப்ரெஷ் கிரீம் ஐந்து டிகிரிக்குள் இருக்கவேண்டிய பொருள். ஏசி ஹாலில் அரை மணி நேரம் தாங்கும், முக்கால் மணியும் சமாளிக்கலாம். மே மாதத்தில் கதவு திறந்து திறந்து மூடும் ஹாலில், ஐம்பது பேர் மூச்சுக்காற்றில், அதற்கு மேல் நிற்காது. முதலில் விளிம்பில் பிழிந்த பூக்களின் முனை மழுங்கும். பிறகு பக்கவாட்டுக் கிரீம் பளபளக்கத் தொடங்கும், அது நீர் விடுகிறது என்பதற்கு அடையாளம். மேலே ஒட்டிய புகைப்படத் தாள் அந்த ஈரத்தை உறிஞ்சும், சாயம் கரையும். அன்று படத்தில் பாப்பாவின் கண் மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. பாப்பா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அம்மா ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுக்கப் போக, தாளே சுருண்டு வந்துவிட்டது.

வழி இருக்கிறது. புகைப்படத் தாளை நேரே கிரீமின் மேல் ஒட்டாமல் வெள்ளைச் சாக்லேட் தகட்டிலோ ஃபாண்டன்ட் என்ற சர்க்கரைப் பசைத் தகட்டிலோ ஒட்டி மேலே வைக்கச் சொன்னால் சாயம் இறங்குவது வெகுவாகக் குறையும். பட்டர் கிரீம் கேக் இந்த ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் ஒதுக்குவதும் உண்டு. எதை வாங்கினாலும் கேக் வெட்டும் நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்து சேரட்டும். அம்பாசமுத்திரம், தென்காசி என்று தூரத்திலிருந்து கொண்டுவந்தால் ஏசி போட்ட காரில், இருக்கையில் வைக்காமல் காலடித் தரையில் சமமாக வைத்துக் கொண்டுவரவேண்டும். இருக்கை சரிவாக இருக்கும், பிரேக் போட்டால் இரண்டடுக்குக் கேக் மேலடுக்கோடு நகரும்.

எடையில் வந்தது வேறு சங்கடம். வந்தவர்கள் 51 பேர். சாப்பாட்டோடு கொடுப்பதானால் ஆளுக்கு 50 கிராம் துண்டு போதும், அதற்கே இரண்டரைக் கிலோ வேண்டும். கேக்கும் நொறுக்கும் மட்டும் கொடுக்கும் விருந்தானால் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் வேண்டும். இரண்டு கிலோவை 51க்குப் பிரித்தால் ஆளுக்கு 40 கிராம்கூட இல்லை. ஃபாண்டன்ட் பொம்மையும் தகடும் எடையில் சேரும், துண்டில் சேராது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். அலங்காரம் மிகுந்த கேக்குக்கு அரைக் கிலோ கூட்டியே சொல்லலாம்.

முட்டை விஷயத்தில்தான் மனம் நொந்தது. பாப்பாவின் அம்மா வழி சைவக் குடும்பம். பேக்கரியில் "வெஜ் கேக்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள், கடைப்பையனும் "ஆமா" என்றிருக்கிறான். கறி இல்லாததெல்லாம் அவன் கணக்கில் வெஜ். முதல் துண்டு ஆச்சி வாய்க்குப் போகும்போது அவர் நிறுத்தி, "ஏ தாயி, இதுல முட்ட உண்டாம்மா?" என்று கேட்டார். பேக்கரிக்குப் போன் போட்டார்கள். உண்டு என்றார்கள். ஆச்சியும் அம்மா வழிப் பெரியவர்கள் பதினோரு பேரும் கேக் சாப்பிடவில்லை. பேத்தி கையால் ஊட்ட வந்த துண்டைத் திருப்பிக் கொடுக்கும் வருத்தத்தை எந்தத் தள்ளுபடியும் ஈடுகட்டாது.

கேட்கவேண்டிய கேள்வி "வெஜ்ஜா?" என்பதல்ல, "முட்டை சேர்த்ததா, சேர்க்காததா?" என்பது. பதிலை வாயால் வாங்காமல், ஆர்டர் சீட்டில் "முட்டை சேர்க்காதது" என்று எழுதி வாங்கவேண்டும். சைவ உணவகங்களில் பல, வெளியிலிருந்து வரும் கேக்குக்கு இந்தச் சீட்டைக் காட்டச் சொல்கின்றன. அது கெடுபிடி அல்ல, அவர்கள் சமையற்கட்டுக்கும் வாடிக்கையாளருக்கும் கொடுத்த வாக்கு. உறவில் பாதிப் பேர் சைவம் என்றால் மொத்தக் கேக்கையும் முட்டை சேர்க்காததாக வாங்கிவிடுவதுதான் நிம்மதி. இரண்டு கேக் வைத்து ஒரே கத்தியால் வெட்டினால் பிரித்ததில் பொருளில்லை. முந்திரி, நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை வருகிறதா என்பதையும் அதே மூச்சில் பேக்கரியிடமும் உணவகத்திடமும் சொல்லவேண்டும்.

வெளிக் கேக்குக்கு உணவகம் போட்ட கட்டணம் 500 ரூபாய். தட்டு, கத்தி, துண்டு போட்டுப் பரிமாற ஒரு ஆள் என்று பார்த்தால் நியாயமான தொகைதான். ஆனால் ப்ரிட்ஜில் இடம் உண்டா, பெட்டி எத்தனை அங்குலம் வரை போகும் என்பதை அந்த 500 ரூபாய்க்குள் உணவகம் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

அலங்காரத்தில் ஆறும் ஐந்தும்

அம்மா அலங்காரக்காரரிடம் போனில் சொன்னது: "அஞ்சு முடிஞ்சு ஆறு தொடங்குது." அவர் காதில் விழுந்தது ஆறு. சுவரில் பளபளவென்று ஆறு என்ற எண் பலூன். கேக்கில் ஐந்து என்ற மெழுகுவர்த்தி. வந்த மாமாக்கள் எல்லோரும் "பாப்பாவுக்கு எத்தன வயசு?" என்று அவளிடமே கேட்டுக் குழப்பினார்கள். நம் வழக்கில் "தொடங்குது" என்றும் சொல்வோம், "முடிஞ்சது" என்றும் சொல்வோம். அதனால் எண்ணையும் பெயரையும் வாயால் சொல்லக்கூடாது. சுவரில் எந்த எண், பெயர் எந்த எழுத்துக் கூட்டில் என்று தட்டச்சு செய்து, அதே செய்தியைப் பேக்கரிக்கும் அலங்காரக்காரருக்கும் அனுப்பவேண்டும்.

5,000 ரூபாய்க்கு வருவது ஒரு பின்திரை, இரண்டு பக்கமும் பலூன் கொத்து, மேசை விரிப்பு. குடும்பம் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததோ அரை வளைவுத் தோரணமும் விளக்கு எரியும் பெயர்ப்பலகையும். அதற்குக் கூடுதல் 1,800. இது அலங்காரக்காரருக்கு நேரே போன பணம், உணவக பில்லில் வராதது. படத்தைக் காட்டும்போதே "இந்தப் படத்தில் உள்ள அத்தனையும் இந்த விலைக்குள்ளா?" என்று கேட்டு, படத்தின் கீழேயே தொகையை எழுதி வாங்குவதுதான் வழி.

தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அலங்காரத்துக்கான தெர்மோகோலும் பலூன் மாட்டும் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. வீட்டிலிருந்து வாங்கி வந்த தெர்மோகோல் எழுத்துகளை உணவகம் மாட்ட விடாததற்குக் காரணம் அதுதான். அட்டையிலோ மரப்பலகையிலோ வெட்டிய எழுத்து கிடைக்கும், விலையும் பெரிய வித்தியாசமில்லை.

நெருப்பு விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. விலை குறைவு என்று வாயு பலூன் வாங்கினால் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் நெருப்புப் பந்தாக வெடிக்கும். ஸ்நோ ஸ்ப்ரேயிலும் தள்ளுவாயுவாக எரியக்கூடிய வாயுவே பெரும்பாலும் இருக்கிறது. மெழுகுவர்த்தி எரியும்போது பிள்ளையின் முகத்துக்கு நேரே அதை அடிப்பதைப்போல் ஆபத்தான காரியம் இந்த விருந்துகளில் வேறில்லை. இந்த விருந்தில் ஒரு மாமா அடித்தார். நல்லவேளை, மெழுகுவர்த்தி அணைந்த பிறகு. தரையிலும் நாற்காலி உறையிலும் ஒட்டிய நுரைக்கு 1,000 ரூபாய் துப்புரவுக் கட்டணம் விழுந்தது. ஹால் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்ததால் அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பதிவு செய்யும்போதே அந்த வரியை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் மாமாவின் பையிலிருந்தே அது வெளியே வந்திருக்காது. புகை வரவைக்கும் திரவ நைட்ரஜனையும் உலர் பனிக்கட்டியையும் பிள்ளைகள் எட்டும் மேசையில் வைக்கவே கூடாது.

விளக்கை ஊதி அணைப்பது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது என்றால் மெழுகுவர்த்திக்குப் பதில் சிறு குத்துவிளக்கு ஏற்றிக் கேக் வெட்டுவதும் இங்கே வழக்கத்தில் இருக்கிறது. அதற்கும் திரையிலிருந்து மூன்றடி தள்ளி மேசை போடச் சொல்லவேண்டும்.

பில்லில் தலையும் தட்டும்

நாற்பது பேர் என்று சொன்னது பொய்யில்லை. மே மாதம் பள்ளி விடுமுறை, சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்த உறவினர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் 34, பிள்ளைகள் 17. கைக்குழந்தை இரண்டை விட்டு 49 ப்ளேட் என்று உணவகம் எண்ணியது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் நால்வர் அம்மா தட்டிலிருந்துதான் சாப்பிட்டார்கள். முன்னால் ஒரு தட்டு வைத்ததால் அதுவும் கணக்கில் ஏறியது. எந்த வயது வரை பிள்ளைக்குப் பணமில்லை, எந்த வயது வரை பாதி என்பது ஒவ்வொரு உணவகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் எல்லோரும் முழு ப்ளேட்.

எண்ணிக்கையில் சண்டை வராமலிருக்க ஒரு பழக்கம் உதவும். பரிமாறத் தொடங்கி பதினைந்து நிமிடத்தில் உணவகத்துப் பரிமாறுபவர் ஒருவரும் வீட்டு ஆள் ஒருவரும் சேர்ந்து நடந்து தலை எண்ணி ஒரு சீட்டில் இருவரும் கையெழுத்துப் போடுவது. சாப்பிட்டு முடித்துக் கழுவப் போன தட்டை எண்ணினால் இரண்டாம் தட்டு எடுத்தவரும் இரண்டு ஆளாகிவிடுவார்.

தண்ணீர் பாட்டிலும் தனியாக வந்தது, அரை லிட்டர் 60, பத்து ரூபாய் வீதம் 600. ப்ளேட் விலையில் தண்ணீர் உண்டா என்று கேட்பது அற்பமாகத் தோன்றும். கோடைகாலத்தில் பிள்ளைகள் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு வைக்கும் பாட்டில்களை எண்ணிப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

வரி: உணவகச் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை. ப்ளேட் 450 என்றால் வரியோடா வரி தனியா என்று கேட்கவில்லை. ப்ளேட் 22,050, தண்ணீர் 600, கூடுதல் நேரம் 2,000, கேக் கட்டணம் 500, துப்புரவு 1,000 என்று உணவக பில் 26,150, அதன்மேல் வரி 1,307 ரூபாய் 50 காசு. பேக்கரிக் கேக்குக்கும் இப்போது 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22க்கு முன் அது 18 சதவீதமாக இருந்தது, பழைய விலைச்சீட்டை வைத்து யாராவது 18 போட்டால் திருத்தச் சொல்லலாம்.

சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இந்த பில்லில் இல்லை, அது நல்ல உணவகம். இருந்திருந்தால் கொடுக்க மறுக்கலாம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28இல் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறிய பையன்களுக்கு மனமுவந்து கையில் கொடுப்பது வேறு.

அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கவேண்டும்

முன்பணம் போடும் முன் குடும்பம் இப்படி ஒரு செய்தி அனுப்பி, மேலாளரிடமிருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கியிருந்தால் போதும்:

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம சாயங்காலம் பாப்பா பொறந்தநாளுக்கு ஹால் வேணும். கேக் வெட்டுறது 6.15. ஆறு மணில இருந்து எட்டரை வரை ஹால் வேணும், அதுக்கு வாடக உண்டா? எட்டரைக்கு மேல ஆனா மணிக்கு எவ்வளவு? டெக்கரேஷன்காரர் 3.45க்கு உள்ள வரணும், மதியம் வேற பார்ட்டி இருந்தா இப்பவே சொல்லிருங்க. 40 ப்ளேட் உறுதி, 50 வரைக்கும் வரலாம், முந்துன நாள் சாயங்காலம் கடைசி எண்ணிக்கை சொல்லுதேன். எத்தன வயசு வரை பிள்ளைகளுக்கு ப்ளேட் கிடையாது? 450ல வரியும் தண்ணியும் சேந்திருக்கா? கேக் வெளிய இருந்து கொண்டுவாரோம், முட்ட கிடையாது, பெட்டி பன்னெண்டு இஞ்சு, உயரம் பத்து. கறி வைக்காத ப்ரிட்ஜ்ல இடம் இருக்குமா? அதுக்கு தனியா காசு உண்டா? ஹால்ல என்னெல்லாம் செய்யக்கூடாதுன்னு ஒரு வரி போட்டிருங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர்ல ஏசி ஓடுமா?"

தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இதில் ஒவ்வொரு கேள்வியும் அந்த 11,257 ரூபாயின் ஒரு துண்டையோ, ஆச்சி திருப்பிக் கொடுத்த கேக் துண்டையோ தொடுகிறது. கடைசிக் கேள்வி மட்டும் இந்த விருந்தில் நடக்காததற்கு. பல இடங்களில் ஜெனரேட்டரில் விளக்கும் விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. கிரீம் கேக் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

பில்லோடு முதலாளியிடம் போய்ப் பேசியது பாப்பாவின் தாத்தா. சத்தம் போடவில்லை. அலங்காரக்காரர் படிக்கட்டில் காத்திருந்தபோது 4.10க்கு ஹாலுக்குள் பழைய விருந்து நடப்பதைக் காட்டி மகளுக்கு அனுப்பிய படத்தைக் காட்டினார். அம்மா தட்டில் சாப்பிட்ட நான்கு பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்தினார். முதலாளி கூடுதல் நேரம் 2,000ஐயும் நான்கு ப்ளேட்டுக்கு 1,800ஐயும் எடுத்தார், அவற்றுக்கான வரியும் சேர்ந்து 3,990 குறைந்தது. துப்புரவுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லித் தாத்தா கேட்கவில்லை. முன்பணம் போக மீதி 18,467 ரூபாய் 50 காசைக் கட்டி, புது பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.